‘ஆண்டு அனுபவித்து’ என்றால் எந்த ஆண்டு?

பழைய கிரயப் பத்திரங்களின் முடிவில் ஒரு தொடர் தவறாமல் வரும்: ‘இனி தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ இதைக் கணினியின் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால், ‘ஆண்டு’ என்பது ‘இயர்’ ஆகிவிடக்கூடும். நிலத்தை வாங்கியவர் ஒரு வருடத்தைச் சுதந்திரமாக அனுபவிக்க வேண்டும் என்று ஆங்கிலம் சொல்லும். இங்கே ‘ஆண்டு’ என்பது ‘ஆள்’ என்ற வினையிலிருந்து வந்தது. சொத்தை ஆளலாம், அனுபவிக்கலாம் என்பதே பொருள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகவோ, விசா விண்ணப்பத்துக்காகவோ, வேறு மாநில வழக்கறிஞருக்காகவோ ஊர்ப் பத்திரத்தை ஆங்கிலமாக்கும் தேவை பலருக்கு வருகிறது. கருவியில் போட்டு எடுத்துவிட்டு, ‘இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்கள்’ என்று மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டுகிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் பார்த்து அதைச் சரிசெய்ய முடியாது. கூகுள் மொழிபெயர்ப்பு 2017இல் தமிழுக்கும் நரம்பணு முறைக்கு மாறியது. அதற்கு முன்னால் ஆங்கிலம் உடைந்து உடைந்து வரும். உடைந்த இடத்தைப் பார்த்ததும் பிழை தெரிந்துவிடும். இப்போது வாக்கியம் வழவழப்பாக வருவதால், தவறும் அந்த வழவழப்புக்குள் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே தமிழ் மூலம் இடப்பக்கம், கருவி தந்தது வலப்பக்கம் என வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பத்திர நடையில் நானே அமைத்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். காலம் 1988 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘புதூர் கிராமத்தில் இருக்கும் முத்துசாமி குமாரர் செல்வம் ஆகிய தங்களுக்கு, மேற்படி ஊரில் இருக்கும் கந்தசாமி குமாரர் மணி ஆகிய நான் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் என்னவென்றால், விடுதலைப் பத்திரப்படி எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்து வரும் கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்கு ரூ.9,000க்குக் கிரயம் பேசி, மேற்படி தொகையை இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால், இனி தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

முதலில் பெயர்கள்

இதில் முதலில் தொட வேண்டியவை பெயர்கள். ‘முத்துசாமி குமாரர் செல்வம்’ என்றால் முத்துசாமியின் மகன் செல்வம். கருவி இதை ‘முத்துசாமி குமார் செல்வம்’ என்று மூன்று சொல் கொண்ட ஒரே ஆளாக்கிவிடலாம். செல்வம் ‘வெல்த்’ ஆகலாம். மணி ‘பெல்’ ஆகலாம். புதூர் ‘நியூ டவுன்’ ஆகலாம். ஒரே ஆள் முதல் பக்கத்தில் செல்வமாகவும் மூன்றாம் பக்கத்தில் வெல்த்தாகவும் இருப்பதும் உண்டு. ஆள், ஊர், சர்வே எண், தேதி, தொகை ஆகியவற்றை ஒரு தாளில் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவுசெய்துகொள்ள வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

பழக்கமான முகம், வேறு பொருள்

அடுத்தது சொற்கள். இங்கே வம்பு செய்பவை நமக்குத் தெரியாத சொற்கள் அல்ல, நன்றாகத் தெரிந்தவை. ‘என் அனுபவத்தில் இருந்து வரும் சொத்து’ என்பதைக் கருவி ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எடுத்தால், ஏதோ பட்டறிவிலிருந்து கிடைத்த சொத்து போலாகிவிடும். பத்திரத்தில் அனுபவம் என்றால் ஒருவர் சொத்தைத் தன் கைவசம் வைத்துப் பயன்படுத்துவது. ஆங்கிலத்தில் ‘பொசஷன் அண்ட் என்ஜாய்மெண்ட்’. ‘விடுதலைப் பத்திரம்’ ஏதோ சிறையிலிருந்து வெளிவந்த காகிதம் அல்ல. கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் ‘ரிலீஸ் டீட்’ அது. ‘வில்லங்கம்’ பேச்சு வழக்கில் வம்பு. பத்திரத்தில் அடமானம் போலச் சொத்தின் மேல் நிற்கும் பாரம், ‘என்கம்பரன்ஸ்’. மனை அளவில் வரும் ‘ஜாதியடி’யைக் கருவி சாதியோடு சேர்த்துவிட்டால் வெளிநாட்டில் படிப்பவர் திகைத்துப்போவார். அது நீள அளவைச் சொல்லும் பத்திர வழக்கு மட்டுமே.

ஒரு சொல்லுக்கு ஆங்கிலம் கண்டுபிடித்தவுடன் அந்த இடத்தில் மட்டும் திருத்திவிட்டு நகரக் கூடாது. ஆவணம் முழுவதும் அதைத் தேடி ஒரே சொல்லாக வைக்க வேண்டும். இரண்டு சொற்கள் வந்தால் இரண்டு பொருள் என்றுதான் வழக்கறிஞர் எடுத்துக்கொள்வார்.

யார் வாங்கியது, யார் கொடுத்தது

மூன்றாவது, வாக்கிய அமைப்பு. நம் எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே வாக்கியம். பேசி, பெற்றுக்கொண்டபடியால் என எச்சங்களாக ஓடி, கடைசியில்தான் முடிகிறது. ‘பெற்றுக்கொண்டது’ யார் என்று அந்த இடத்தில் எழுவாய் இல்லை. ஆங்கிலத்துக்கு எழுவாய் இல்லாமல் முடியாது என்பதால் கருவி ஊகிக்கும். ‘தங்களுக்கு’ பக்கத்தில் இருப்பதால் பணத்தைச் செல்வம் பெற்றதாக எழுதினால் விற்றவர் வாங்கியவராகிவிடுவார். இலக்கணத்தில் ஒரு குறையும் இருக்காது.

இதற்கு வழி, தமிழில் ஒவ்வொரு வினையின் மேலும் பென்சிலால் ஆளின் பெயரை எழுதுவதுதான். எழுதிக்கொடுத்தது மணி, கிரயம் பேசியது மணி, தொகை பெற்றது மணி, இனி அனுபவிக்கப்போவது செல்வம். அதன்பின் ஆங்கிலத்தை நான்கு வாக்கியமாக உடைக்கலாம்: யார் யாருக்கு விற்கிறார், சொத்து அவருக்கு எப்படி வந்தது, பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, இனி உரிமை யாருடையது. ‘தாங்கள்’, ‘நான்’ இரண்டையும் ‘பர்ச்சேசர்’, ‘வெண்டார்’ என்று மாற்றிவிட்டால் குழப்பம் தீரும். ‘அவர்’ வரும் இடங்களில் ஆணா பெண்ணா என்பதைப் பத்திரத்தின் வேறு வரியில் தேடிப் பிடிக்க வேண்டும். கருவியின் ‘ஹி’யை அப்படியே நம்பினால் விதவைத் தாய் ஒரு மகனாகிவிடுவார்.

ஒரு பத்தியில் பாதிக்கு மேல் இப்படி மாற்ற வேண்டியிருந்தால் அதை அழித்துவிட்டுத் தமிழிலிருந்து புதிதாக எழுதுவதே விரைவு. ஒட்டுப்போட்ட வாக்கியத்தில் பழைய தவறு ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கும்.

நான்கெல்லை

ஆகப் பெரிய பொறி சொத்து விவரத்தில் இருக்கிறது. ‘மாரியப்பன் நிலத்துக்கும் கிழக்கு, பொன்னன் நிலத்துக்கும் மேற்கு, ஊர்ப் பாதைக்கும் தெற்கு, ஓடைக்கும் வடக்கு, இதன் மத்தியில் உள்ள 25 சென்ட்.’ மாரியப்பன் நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது என்றால், மாரியப்பன் நமக்கு மேற்கே இருக்கிறார். கருவியோ, அதை அழகாக்க நினைக்கும் அவசரத் திருத்துநரோ, ‘கிழக்கு: மாரியப்பன் நிலம்’ என்று பட்டியல் போட்டுவிடலாம். நான்கு எல்லையும் தலைகீழாகிவிடும். பட்டியல் மட்டும் ஒழுங்காக, வரி பிசகாமல் நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஆங்கில அறிவு போதாது. ஒரு தாளில் சதுரம் போட்டு, தமிழைப் படித்து நான்கு பக்கமும் பெயர் எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்தை மட்டும் படித்து இன்னொரு சதுரம் போடுங்கள். கையில் எஃப்.எம்.பி. வரைபடம் இருந்தால் அதோடும் ஒப்பிடலாம். மூலப் பத்திரத்திலேயே எல்லை தவறாக இருப்பது தெரிந்தால், மொழிபெயர்ப்பில் அதைத் திருத்தக் கூடாது. உள்ளபடி எழுதி, அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுவது எழுதிக்கொடுத்தவரின் வேலை.

இரண்டு சதுரமும் ஒத்துப்போன பிறகுதான் ஆங்கிலத்தைத் தனியாக வாசித்துக் காற்புள்ளியையும் ‘தி’, ‘ஏ’ போன்ற சிறு சொற்களையும் பார்க்க உட்கார வேண்டும். பலர் தொடங்குவது அங்கிருந்துதான்.