கடன் கொடுத்தவரா, பங்காளியா?

சேலத்திலிருந்து கோவைக்குக் காரில் போகிறவர்கள் பெருந்துறையைத் தாண்டியதும் செங்கப்பள்ளியைக் கடப்பார்கள். அங்கிருந்து கேரள எல்லை வரையிலான தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தவென்றே ஒரு தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயர் ஐவிஆர்சிஎல் செங்கப்பள்ளி டோல்வேஸ். சாலை போடப் பணம் வேண்டும். வங்கிகள் கடன் கொடுத்தன. ஐஎஃப்சிஐ என்ற நிதி நிறுவனம் 2011-இல் 125 கோடி ரூபாயைப் போட்டு, அந்த நிறுவனம் வெளியிட்ட ‘கட்டாயமாகப் பங்காக மாறும் கடன் பத்திரங்களை’ வாங்கியது.

பின்னாளில் செங்கப்பள்ளி நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஐஎஃப்சிஐயும் தன் பத்திரத்தோடு போய் நின்றது. நிறுவனத்தை அப்போது கவனித்துக்கொண்டிருந்த தீர்வு நிபுணர், “உங்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை” என்ற முடிவுக்கு வந்தார். பத்திரத்தின் பெயரிலேயே கடன் என்ற சொல் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இடமில்லை? 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லும் வரை இந்த வழக்கு ஓடியது.

அந்தப் பதில் புரிய வேண்டுமானால், ஒரு நிறுவனத்துக்குள் பணம் நுழையும் மூன்று வாசல்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் வாசல் ஈக்விட்டி பங்கு. பங்குச் சந்தையில் தினமும் ஏறி இறங்குவது இதுதான். இதை வைத்திருப்பவருக்குப் பங்குக்கு ஏற்ற ஓட்டு உண்டு. இயக்குநர்களை நியமிப்பது, நீக்குவது, இன்னொரு நிறுவனத்தோடு இணைவது எல்லாம் இந்த ஓட்டில்தான் முடிவாகும். ஆனால் இவருக்கு இவ்வளவு தருகிறோம் என்று நிறுவனம் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. மற்ற எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் அது இவருடையது. மிச்சம் மலையளவு இருந்தாலும் இவருடையது, ஒன்றுமே இல்லையென்றாலும் அந்த ஒன்றுமில்லாததும் இவருடையது.

திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர்கள் இதை 2021-இல் நேரில் கண்டார்கள். திவால் நடவடிக்கையில் பிராமல் குழுமம் அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. கொடுத்த கடனில் ஒரு பகுதியாவது கடன்காரர்கள் கைக்கு வந்தது. ஈக்விட்டி பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று முடிவாகி, பங்குகள் ரத்தாயின. கடைசி நாட்கள் வரை சந்தையில் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டிருந்த சிறு முதலீட்டாளர்கள் இருந்தார்கள். நிறுவனத்துக்கு நல்ல கை கிடைத்துவிட்டது, இனி பங்கும் பிழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நிறுவனம் பிழைத்தது, பங்கு பிழைக்கவில்லை.

ஈக்விட்டி பங்குதாரரை முதலாளி என்று சொல்வதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. பம்பாயைச் சேர்ந்த பாச்சா எஃப். கஸ்தார் என்ற பெண்மணி இரண்டு தேயிலை நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தார். 1949-50 கணக்காண்டில் அவருக்கு 2,750 ரூபாய் டிவிடெண்ட் வந்தது. தேயிலை நிறுவனத்தின் வருமானத்தில் 60 விழுக்காடு விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. ‘தோட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆகவே என் டிவிடெண்டிலும் 60 விழுக்காட்டுக்கு வரி கூடாது’ என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் 1954-இல் அதை ஏற்கவில்லை. தோட்டம் நிறுவனத்தின் சொத்து. நிறுவனம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். பங்குதாரருக்கு லாபத்தில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. நிறுவனத்தின் செடியிலும் நிலத்திலும் கை வைக்கும் உரிமை கிடையாது. நிறுவனத்தின் முதலாளி வேறு, நிறுவனச் சொத்தின் முதலாளி வேறு என்ற இந்தக் கோடு இன்றும் மாறவில்லை.

இரண்டாவது வாசல் முன்னுரிமைப் பங்கு. முன்னுரிமை இரண்டு இடங்களில் மட்டும். டிவிடெண்ட் கொடுக்கும்போது ஈக்விட்டி பங்குதாரருக்கு முன்னால் இவருக்கு, அதுவும் முன்பே பேசிய விழுக்காட்டில். நிறுவனத்தை மூடிப் பணத்தைப் பிரிக்கும்போதும் ஈக்விட்டிக்கு முன்னால் இவருக்கு. இந்த இரண்டுக்கும் விலையாக இவர் ஓட்டுரிமையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கிறார். தன் உரிமையை நேராகத் தொடும் தீர்மானங்களிலும், நிறுவனத்தை மூடுவது, மூலதனத்தைக் குறைப்பது போன்றவற்றிலும் மட்டுமே 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் இவருக்கு ஓட்டுத் தருகிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: இரண்டு ஆண்டுகள் டிவிடெண்ட் கொடுக்காமல் விட்டால், எல்லாத் தீர்மானங்களிலும் இவர் ஓட்டுப் போடலாம். சொன்ன பணத்தைத் தராத நிறுவனத்தில் வாய் திறக்க இவருக்குக் கிடைக்கும் உரிமை அது.

2025-இல் டிவிஎஸ் மோட்டார் தன் பங்குதாரர்களுக்குப் போனஸாகக் கொடுத்தது இந்த வகைப் பங்கைத்தான். ஒரு ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வோர் ஈக்விட்டி பங்குக்கும் 10 ரூபாய் முகமதிப்பில் 4 முன்னுரிமைப் பங்குகள், 6 விழுக்காடு டிவிடெண்ட், ஓராண்டில் பணமாகத் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. வண்டி விற்பனை இரண்டு மடங்கானாலும் அந்த 10 ரூபாய் 20 ரூபாய் ஆகாது. சந்தையில் ஈக்விட்டி எவ்வளவு ஏறினாலும் முன்னுரிமைப் பங்குக்குரியது பேசிய தொகை மட்டுமே.

விழுக்காடு முன்பே தெரியும், திருப்பித் தரும் தேதியும் தெரியும் என்றால் இது கடன் போலத்தானே என்று தோன்றும். அப்படி நம்பியே ஒரு நிறுவனம் நீதிமன்றம் வரை போனது. மேற்கு வங்கத்தில் உரத் தொழிற்சாலை நடத்தும் மேட்டிக்ஸ் நிறுவனம், ஆலையைக் கட்டித் தந்த ஒப்பந்த நிறுவனத்துக்குப் பாக்கி வைத்திருந்தது. அதில் 250 கோடிக்குப் பணத்துக்குப் பதிலாக 8 விழுக்காடு முன்னுரிமைப் பங்குகளைக் கொடுத்தது. மூன்று ஆண்டில் திருப்பித் தருவதாகப் பேச்சு. காலம் முடிந்தும் பணம் வரவில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் தரப்பு, ‘நாங்கள் கடன் கொடுத்தவர்கள்’ என்று சொல்லி, மேட்டிக்ஸ் மீது திவால் நடவடிக்கை கேட்டது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது.

காரணம் எளிது. முன்னுரிமைப் பங்கும் பங்கு மூலதனமே. நிறுவனத்தில் லாபம் இருந்தால் அதிலிருந்தோ, புதிய பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணத்திலிருந்தோதான் அதைத் திருப்பித் தரச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டும் இல்லையென்றால் தேதி கடந்தாலும் அது கடனாகிவிடாது. பாக்கி என்ற பெயரில் இருந்தவரை அந்த 250 கோடிக்கு வேறு கதி. அது பங்காக மாறிய நாளிலேயே, கொடுத்தவர் கடன்காரர் வரிசையிலிருந்து பங்காளி வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

மூன்றாவது வாசல் மாற்றத்தக்க கடன் பத்திரம். வணிக உலகம் இதை கன்வர்ட்டிபிள் டிபெஞ்சர் என்கிறது. இன்று கடன், நாளை பங்கு. கடனாக இருக்கும் காலத்தில் வட்டி வரும். லாபமோ நஷ்டமோ, வட்டி கொடுத்தாக வேண்டும். ஓட்டு கிடையாது. எந்தக் கடன் பத்திரத்துக்கும் ஓட்டுரிமை தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. குறித்த நாளில் பத்திரம் பங்காக மாறும்போது வட்டி நிற்கும், ஓட்டு பிறக்கும்.

இதிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில், மாறுவதா வேண்டாமா என்று பத்திரம் வைத்திருப்பவர் தீர்மானிக்கலாம். பங்கின் விலை ஏறியிருந்தால் மாறுவார், இறங்கியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பார். மற்றொன்று கட்டாயமாக மாறுவது. அதில் அசல் பணமாகத் திரும்புவதே இல்லை. பங்காக மட்டுமே வரும். ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் 1988-இல் சுமார் 593 கோடி ரூபாய்க்கு முழுதும் பங்காக மாறும் பத்திரங்களை வெளியிட்டபோது எழுந்த வழக்கிலேயே, அசலைத் திருப்பித் தரும் பேச்சே இல்லாத பத்திரத்தைப் பங்காகவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சொல்லியிருந்தது.

செங்கப்பள்ளி வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பு மீண்டும் மேலே வந்தது. ஐஎஃப்சிஐ வாங்கியது கட்டாயமாக மாறும் பத்திரம். வங்கிகளோடும் நெடுஞ்சாலை ஆணையத்தோடும் செய்த ஒப்பந்தங்கள் அந்த 125 கோடியைப் பங்கு மூலதனத்தின் கணக்கிலேயே வைத்திருந்தன. பணம் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தது தாய் நிறுவனமான ஐவிஆர்சிஎல். செங்கப்பள்ளி நிறுவனம் அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியதை இப்போது மாற்றிப் படிக்க முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. ஐஎஃப்சிஐயின் நிலை விசித்திரமானது: பங்குதாரருக்குரிய ஓட்டும் இல்லை, கடன்காரருக்குரிய வரிசையும் இல்லை. ஒப்பந்தம் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால் முடிவும் வேறாக இருந்திருக்கலாம்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கற்பனை நூற்பாலையை வைத்துப் பார்க்கலாம். ஆலை மூடப்பட்டு 60 கோடிக்கு விற்கப்படுகிறது. விற்பனைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து 40 கோடி. அது முதலில் போகும். மிச்சம் 20 கோடி. விருப்பம் போல மாறும் கடன் பத்திரம் 12 கோடிக்கு இருக்கிறது; அதை வைத்திருப்பவர்கள் பங்காக மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கும். மிச்சம் 8 கோடி. முன்னுரிமைப் பங்கு மூலதனம் 10 கோடி. ரூபாய்க்கு 80 காசு கிடைக்கும். ஈக்விட்டிக்கு ஒன்றுமில்லை.

அதே ஆலை 90 கோடிக்கு விலை போனால்? வங்கிக்கும் பத்திரக்காரருக்கும் அதே தொகைதான். முன்னுரிமைப் பங்குக்கு அதன் 10 கோடி. மீதி 28 கோடியும் ஈக்விட்டி பங்குதாரர்களுக்கு. விலை கூடியதால் வந்த 30 கோடியில் 28 கோடி அவர்களிடம் போய்ச் சேர்கிறது. நஷ்டத்தின் முதல் அடியும் லாபத்தின் கடைசிக் காசும் யாருடையதோ, அவரே முதலாளி.

சட்டத்தின்படி ஈக்விட்டி, முன்னுரிமை இருவருமே நிறுவனத்தின் உறுப்பினர்கள். இருவர் பணமும் பங்கு மூலதனம். ஆளும் உரிமையும் மிச்சத்தின் மேலான உரிமையும் ஈக்விட்டிக்கு மட்டும். பத்திரம் வைத்திருப்பவர், அது பங்காக மாறி உறுப்பினர் பதிவேட்டில் பெயர் ஏறும் நாள் வரை, முதலாளி அல்ல.

ஆகவே இப்படியொரு பத்திரத்தை யாராவது நீட்டினால், வட்டி எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளில் மூன்றைத் தேடுங்கள். பங்காக மாறுவது உங்கள் விருப்பமா, கட்டாயமா? எந்த விலையில், எந்தத் தேதியில் மாறும்? அசலைத் திருப்பித் தரும் பொறுப்பு எந்த நிறுவனத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது? ஐஎஃப்சிஐயின் 125 கோடி, மேலட்டையில் இருந்த கடன் என்ற சொல்லால் காப்பாற்றப்படவில்லை.