போறனுங்க: அந்த ‘ங்க’ யாருக்கு?

திருப்பூரில் நண்பர் ஒருவர் நடத்தும் சின்ன பவர் டேபிள் யூனிட். சாயங்கால டீ நேரம். ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு பையன் எழுந்து வந்தான். பீகாரில் கயா பக்கம் சொந்த ஊர். இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. செக்கிங் மேசையில் இருந்த அக்காவிடம் நின்று கேட்டான்: “அக்கா, நான் ஒரு ஆள்தானே? அப்புறம் எதுக்கு ‘நான் போறனுங்க’ சொல்றாங்க?”

“அது மரியாதைப்பா” என்றார் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பையன் நகரவில்லை. “நான் எனக்கே மரியாதை குடுக்கறனா?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. பையனின் முகம் சுருங்கியது. அக்கா சிரிக்கவில்லை. நூல் வெட்டும் கத்திரியைக் கீழே வைத்தார்.

அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் அவன் காதில் விழுந்ததைச் சேர்த்துப் பாருங்கள். ஒருத்தரைக் கூப்பிட்டால் ‘வா’, நாலு பேரைக் கூப்பிட்டால் ‘வாங்க’. ஒருத்தன் ‘அவன்’, நாலு பேர் ‘அவங்க’. ஆக, ‘ங்க’ என்றால் பலர், அல்லது பலருக்குச் சமமான ஒரு பெரியவர் என்று அவனே ஒரு விதி கட்டிவிட்டான். விதி பிழையில்லை. அந்த விதியோடு அவன் ‘நான் போறனுங்க’வைப் பார்த்தால், பேசுகிறவன் தன்னையே பன்மையில் சொல்லிக்கொள்வது போலத் தெரிகிறது. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தச் சந்தேகம் தோன்றியிருக்கும்?

‘மரியாதை’ என்ற பதிலும் சரிதான். ஆனால் யாருக்கு மரியாதை என்பதை அது சொல்லவில்லை. அவன் இடறிய இடமே அதுதான்.

அக்கா செய்தது இது. கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணைப் பார்த்து, “நான் வீட்டுக்குப் போறேன் கண்ணு” என்றார். பிறகு வாசலோரம் பில் எழுதிக்கொண்டிருந்த பெரியவரின் பக்கம் திரும்பி, “நான் வீட்டுக்குப் போறனுங்க” என்றார். பையனைப் பார்த்தார். “ரெண்டு தடவையும் போறது யாரு?”

“நீங்க.”

“அப்ப மாறினது யாரு?”

பையன் சின்னப் பெண்ணையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தான். “கேக்குற ஆளு” என்றான் மெதுவாக.

எந்த இலக்கணப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ‘போறேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ போகிறவரைக் காட்டுகிறது. அதன் மேல் வந்து உட்காரும் ‘ங்க’ கேட்கிறவரைக் காட்டுகிறது. ஒரே சொல்லில் இரண்டு ஆட்கள். அதனால்தான் வினையே இல்லாத இடத்திலும் அது வருகிறது: சரிங்க, ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க. ‘சரி’ என்பதில் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. ‘சரிங்க’ என்பதில் எதிரே நிற்கிற மனிதர் இருக்கிறார்.

பையன் அடுத்துச் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. தங்கள் ஊர்ப் பேச்சிலும் இப்படி உண்டு என்றான். கயா வட்டாரத்தின் வீட்டு மொழி மகஹி. “பையன் ஓடிப்போனான்” என்று நண்பனிடம் சொன்னால் வினைக்கு ஒரு முடிவு, ஊர்ப் பெரியவரிடம் சொன்னால் வேறு முடிவு. ஓடியது அதே பையன்தான். வினையின் வால் கேட்பவரைப் பார்த்து மாறுகிறது. பக்கத்து மொழியான மைதிலியிலும் இந்த வழக்கம் உண்டு. பள்ளியில் படித்த இந்தியில் வினை இப்படி மாறுவதில்லை. ‘ஹாங் ஜி’ என்று ‘ஜி’யைத் தனியே ஒட்டிக்கொள்வதோடு சரி. இந்தியை மனதில் வைத்துத் தமிழைப் பார்த்ததால்தான் அவன் இடறினான். தன் வீட்டு மொழியை நினைத்ததும் கதவு திறந்துவிட்டது. வடக்கே இருந்து வருகிறவர்களை எல்லாம் ‘இந்திக்காரப் பசங்க’ என்று ஒரே பெயரில் அடைக்கும்போது, நாம் இழப்பது இந்த மாதிரித் திறவுகோலைத்தான்.

சரி, இரண்டு ‘ங்க’வையும் பிரித்து அறிவது எப்படி? ஒரு எளிய சோதனை இருக்கிறது. அதே வாக்கியத்தைக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். “அவங்க வந்துட்டாங்க” என்பது குழந்தையிடம் சொன்னாலும் அப்படியேதான் நிற்கும். அது வந்தவர்களுக்கான ‘ங்க’. “பஸ் வந்துருச்சுங்க” என்பது குழந்தையிடம் “பஸ் வந்துருச்சு” ஆகிவிடும். உதிர்ந்தது கேட்பவருக்கான ‘ங்க’. இரண்டும் ஒரே சொல்லில் சேர்ந்து வருவதும் உண்டு. “அவங்க வந்துட்டாங்கங்க” என்று கோவையில் தினமும் கேட்கலாம். முதல் ‘ங்க’ வந்தவர்களுக்கு, இரண்டாவது கேட்பவருக்கு.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. “பையன் வந்துட்டானுங்க” என்றால் கொங்கில், பையன் வந்துவிட்டான் என்று ஒரு பெரியவரிடம் பணிவாகச் சொல்வது. சென்னைப் பக்கம் “பசங்க வந்துட்டானுங்க” என்றால் பல பேர் வந்துவிட்டார்கள், அதுவும் மரியாதை இல்லாமல். ஓசை ஒன்றுதான், பொருள் தலைகீழ். எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்த்தால்தான் பிரிபடும். சினிமா பார்த்துத் தமிழ் கற்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் குழம்புவதில் வியப்பில்லை.

விதி பிடிபட்டதும் அதை எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்ப்பது கற்பவர் இயல்பு. பையனும் ஒட்டினான். “நானுங்க நேத்துங்க ஊருக்குப் பேசுனனுங்க” என்றான். கொங்கில் அது செல்லும், நம் பெரியவர்களே அப்படிப் பேசுவார்கள். “வந்தங்க பையன்” என்றான், அது செல்லாது. பெயரைத் தழுவி நிற்கும் ‘வந்த’, ‘பெரிய’ போன்ற சொற்களுக்கும் அந்தப் பெயருக்கும் நடுவில் ‘ங்க’ நுழையாது. “வாடாங்க” என்றும் ஒரு முறை சொல்லிவிட்டான். ‘டா’வும் ‘ங்க’வும் ஒரே ஆளைப் பார்த்துப் பேசுபவை, இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. அக்கா இதை எல்லாம் ஒரே நாளில் திருத்தவில்லை. அவன் “வந்தங்க பையன்” என்றபோது, “வந்த பையன் பேரு என்ன?” என்று சரியான வடிவத்தைத் தன் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் முதல் கேள்வியிலேயே ‘போறனுங்கன்னு’ என்று இருக்க வேண்டியதில் ‘ன்னு’ விடுபட்டிருந்தது. அதை அவர் அன்று தொடவே இல்லை. கேட்டது ஒன்று, பதிலும் அந்த ஒன்றுக்கு.

அக்கா நன்னூல் படித்தவர் அல்ல. ஆனால் அவர் செய்தது நன்னூல் சொன்னது. திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போனால் ஊத்துக்குளி தாண்டி விஜயமங்கலம் வரும். அங்குள்ள சமணக் கோயிலோடு பவணந்தி முனிவரைச் சேர்த்துச் சொல்வது இப்பகுதி மரபு. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்க அவர் எழுதிய நன்னூல், எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்னால் பாயிரத்தில் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறது. பாடம் சொல்கிறவர் அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கற்பவன் எந்த அளவுக்கு வாங்கிக்கொள்வான் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறது. அந்த வரிசையில் கடைசியாக உள்ளது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

அதே நூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் அறியாமல் கேட்பது ஒன்று, ஐயத்தால் கேட்பது இன்னொன்று. “போறனுங்கன்னா என்ன?” என்று கேட்டிருந்தால் அது அறியா வினா, ‘மரியாதை’ என்ற ஒரு சொல் போதும். பையன் கேட்டது ஐய வினா. பன்மையா, வேறு ஏதாவதா என்று இரண்டை எடைபோட்டுவிட்டு வந்து நின்றான். ஐயத்தோடு வருகிறவனுக்கு ஒன்றும் அறியாதவனுக்குச் சொல்வது போலச் சொன்னால், பதில் சரியாக இருந்தும் அவன் ஐயம் அப்படியே இருக்கும். போதாததற்கு, தான் யோசித்ததை யாரும் மதிக்கவில்லை என்ற வருத்தமும் சேரும். அக்காவின் முதல் பதிலுக்கும் இரண்டாவது பதிலுக்கும் நடுவில் நடந்தது இந்த வகை மாற்றம்தான்.

எழுத்துத் தமிழை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு வட்டாரப் பேச்சுக்குப் பிறகு வரலாம் என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ‘போகிறேன்’ என்று எழுதும்போது இந்த ‘ங்க’வுக்கு இடமே இல்லை என்பதும் உண்மைதான்.

என் கவலை வேறு. வடக்கே இருந்து வரும் இந்த இளைஞர்களிடம் நாம் ‘ங்க’ போட்டுப் பேசுகிறோமா? பனியன் கம்பெனியிலும் பவுண்டரியிலும் கட்டட வேலையிலும் காது கொடுத்துப் பாருங்கள். “நீ வா. இது எடு. அங்க வை. சீக்கிரம் போ.” சக ஊழியரிடம் ‘ஏனுங்க’ என்று வாய் நிறையப் பேசுகிற அதே ஆள், அடுத்த நொடி வடக்கத்தி இளைஞரிடம் திரும்பி வினைகளை மொட்டையாக்கிவிடுகிறார். புரியட்டும் என்றுதான் சுருக்குகிறார், கெட்ட எண்ணம் இல்லை. வெளியாளிடம் மொழியை இப்படி நறுக்கிப் பேசும் வழக்கத்தை அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1971-இல் தனியாகப் பெயரிட்டு எழுதினார். உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆனால் மற்ற ஊர்களில் நறுக்கினால் போவது இலக்கணம். கொங்கில் நறுக்கினால் போவது மரியாதை.

விளைவு என்ன? அவர்களை நோக்கி ‘ங்க’ வருவதே இல்லை. பிறர் தங்களுக்குள் பேசும்போது தூரத்தில் விழுவதுதான். தன்னிடம் சொல்லப்பட்டதைத்தான் மனிதன் முதலில் கற்கிறான். எனக்குத் தெரிந்த ஒரு லைன் வீட்டில், வாடகை கேட்டு வந்த அறுபது வயது அம்மாவிடம் ஒரு இளைஞர், “நாளைக்குத் தர்றேன், நீ போ” என்றார். அந்த அம்மா வெடித்துவிட்டார். மாத முடிவில் அறை காலியானது. அந்த இளைஞருக்குத் தெரிந்த தமிழில் ‘போ’ மட்டும்தான் இருந்தது. அந்தப் ‘போ’வை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான், அப்படிப் பேசியதற்குக் கோபித்துக்கொண்டதும் நாம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

யூனிட்டில் அந்த வாரம் அக்கா ஒன்று செய்தார். மேசைக்காரர்கள் எல்லோரிடமும், பையனைக் கூப்பிடும்போது “தம்பி, இங்க வாங்க” என்று சொல்லச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு எதற்கு ‘வாங்க’ என்று ஒருவர் தயங்கினார். “அவன் காதுல விழணுமில்லீங்க” என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து அதே பையனோடு பக்கத்து பேக்கரிக்குப் போனேன். அவன்தான் முன்னால் போய்ச் சொன்னான்: “அண்ணா, ரெண்டு டீ குடுங்க. ஒண்ணுல சக்கரை கம்மியா இருக்கட்டுங்க.”

மாஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தார். “சக்கர் கம்? டீக் ஹை.”

பையன் ஒரு கணம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “தமிழ்லயே சொல்லுங்ணா. புரியுதுங்க.”