ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் காலை சான்பிரான்சிஸ்கோ

கோவையில் ஞாயிறு இரவு 11.30-க்கு விமானம். சான்பிரான்சிஸ்கோவில் இறங்குவது திங்கள் காலை 8.15-க்கு. டிக்கெட்டில் இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் அமெரிக்கா போய்விடலாம் என்றுதான் தோன்றும். அதே டிக்கெட்டின் மேல்வரியில் ‘22h 15m’ என்று இருக்கிறது. எது சரி என்று தெரியாமல், டிராவல் ஏஜென்சிக்கு ஒரு போன் போகும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெற்றோர் பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் நிறையப் பேர். திருப்பூரிலிருந்து ஆர்டர் பேசப் போகிறவர்கள் தனி. பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நேரடி விமானம் உண்டு, அமெரிக்காவுக்குக் கிடையாது. நடுவில் எங்காவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும். அப்படி மாறும் பயணத்தில் மூன்று ஊர்களின் கடிகாரங்கள் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். கோவையில் கிளம்பும் நேரம் இந்திய நேரம், சிங்கப்பூரில் இறங்கும் நேரம் சிங்கப்பூர் நேரம். இந்தியா உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது, சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். ஆகவே நம்மைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. சான்பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் பொது நேரத்துக்கு எட்டு மணி பின்னால். நமக்கு அது பதின்மூன்றரை மணி பின்னால்.

இந்த மூன்று எண்கள் போதும், ஒரு முழுப் பயணத்தையும் பேனாவும் தாளுமாகச் சரிபார்த்துவிடலாம். கீழே வரும் நேரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும்.

கோவையில் ஞாயிறு இரவு 11.30-க்குக் கிளம்பும் விமானம், சிங்கப்பூரில் திங்கள் காலை 6.30-க்கு இறங்குகிறது. கடிகாரப்படி ஏழு மணி நேரம். அதில் இரண்டரை மணியைக் கழித்தால் வானில் போவது நாலரை மணி. அடுத்த விமானம் காலை 9.15-க்கு. இறங்கியதும் ஏறுவதும் ஒரே ஊர் என்பதால் எந்தத் திருத்தமும் வேண்டாம். நேராகக் கழித்தால் காத்திருப்பு இரண்டே முக்கால் மணி. அந்த விமானம் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குவது அதே திங்கள் காலை 8.15-க்கு. ஏறிய நேரத்துக்கு ஒரு மணி முன்பே இறங்குவதுபோல் தெரிவது அச்சுப்பிழை அல்ல. பசிபிக் கடலில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டி, ஒரு நாள் பின்னுக்கு வருகிறோம். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பதினாறு மணி. எனவே பறந்தது பதினைந்து மணி நேரம்.

கூட்டிப் பார்க்கலாம். 4.30, அதோடு 2.45, அதோடு 15. மொத்தம் 22 மணி 15 நிமிடம். இதை இன்னொரு வழியிலும் சோதிக்கவேண்டும், அப்போதுதான் நம்பலாம். சான்பிரான்சிஸ்கோவின் காலை 8.15-ஐ நம் நேரத்துக்கு மாற்ற, பதின்மூன்றரை மணி கூட்டினால் திங்கள் இரவு 9.45. ஞாயிறு இரவு 11.30-லிருந்து திங்கள் இரவு 9.45 வரை அதே 22 மணி 15 நிமிடம். இரண்டு வழியும் ஒரே விடைக்கு வந்துவிட்டன, மேல்வரி சரி.

நம் நாட்டு அரை மணி இங்கே ஒரு நல்ல காவல்காரன். இந்த வழியில் மற்ற இரண்டு ஊர்களும் பொது நேரத்திலிருந்து முழு மணிகளாக விலகி நிற்கின்றன, நாம் மட்டும் அரை மணியோடு நிற்கிறோம். எனவே கடிகார வித்தியாசத்தின் நிமிடமும் உண்மைப் பயண நேரத்தின் நிமிடமும் எப்போதும் முப்பது தள்ளியே இருக்கவேண்டும். மேலே கடிகார வித்தியாசம் 8 மணி 45 நிமிடம். மொத்தம் 15 நிமிடத்தில் முடிகிறது. யாராவது வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிய விவரத்தில் மொத்தமும் 45-ல் முடிந்தால், எங்கோ அரை மணியை விழுங்கிவிட்டார்கள் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது திரும்பி வரும் பயணம்தான். வியாழன் காலை 10.30-க்குச் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பும் விமானம், பதினேழு மணி நேரம் பறந்து வெள்ளி மாலை 7.30-க்குச் சிங்கப்பூர் வருகிறது. கோவை விமானம் இரவு 8.50-க்கு. இடையில் ஒரு மணி இருபது நிமிடம்தான். ஆனால் மகன் போனில் என்ன சொல்வார்? “அப்பா, நம்ம ஊரு நேரத்துக்கு அஞ்சு மணிக்கெல்லாம் சிங்கப்பூர் வந்துருவீங்க.” அதுவும் சரியான தகவல்தான். அந்த ஐந்து மணியையும் டிக்கெட்டில் உள்ள 8.50-ஐயும் சேர்த்து வைத்து, கையில் மூன்று மணி ஐம்பது நிமிடம் இருப்பதாக அப்பா நினைத்துக்கொள்கிறார். இந்திய நேரத்தையும் சிங்கப்பூர் நேரத்தையும் கலந்ததில் வந்த தவறு இது. இல்லாத இரண்டரை மணி நேரத்தை நம்பி, சாவகாசமாகக் காபி குடிக்கப் போகிறார்.

அந்த ஒரு மணி இருபது நிமிடமும் முழுசாகக் கிடைக்காது. வந்து சேரும் நேரம் என்பது விமானம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். பின்வரிசையில் இருப்பவர் வெளியே வரவே கால் மணி ஆகலாம். கிளம்பும் நேரம் என்பது கேட்டை விட்டு நகரும் நேரம். அதற்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருந்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அப்படி இல்லை. பெட்டியைத் தானே எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டி வரலாம். அதற்காக சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதியும் வேண்டியிருக்கும். தனி டிக்கெட்டில் இந்தக் காத்திருப்பு போதவே போதாது.

தேதியையும் விடக்கூடாது. டிக்கெட்டில் ‘+1’ என்ற குறி சிலவற்றில் பயணம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், சிலவற்றில் அந்தந்த விமானம் கிளம்பிய நாளிலிருந்து. நம் திங்கள் காலை சான்பிரான்சிஸ்கோ வருகை முதல் முறையில் ‘+1’, இரண்டாவது முறையில் குறியே இருக்காது. குறியை விட்டுவிட்டுக் கிழமையை எழுதிக்கொள்வதே மேல். அதேபோல் ‘திங்கள் 00:30’ என்று இருந்தால் ஞாயிறு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஈரோட்டிலிருந்து கார் எடுக்கவேண்டும். திங்கள் இரவு பீளமேடு போனால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

கடைசியாக ஒரு மணி நேரச் சிக்கல். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்பப் பின்னால் வைக்கிறார்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் அப்படி மாற்றுவதில்லை. அதனால் கோடையில் சான்பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணிதான் பின்னால். சிங்கப்பூரில் காலை 9.15-க்குக் கிளம்பி அதே பதினைந்து மணி பறந்தால், அங்கேயும் காலை 9.15. ஜனவரியில் அமர்ந்து மார்ச் கடைசிப் பயணத்துக்குக் கணக்குப் போடுகிறவர், இன்றைய வித்தியாசத்தை வைத்துப் போட்டால் மொத்த நேரத்தில் ஒரு மணி பிசகும். ஐரோப்பா வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அங்கே மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான். அமெரிக்க மாற்றத்துக்கும் ஐரோப்பிய மாற்றத்துக்கும் நடுவில் உள்ள சில வாரங்களில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள வழக்கமான வித்தியாசமே ஒரு மணி குறைந்துவிடுகிறது. பயணத் தேதி அந்த வாரங்களில் விழுந்தால், ஒவ்வொரு ஊரின் வித்தியாசத்தையும் அந்தத் தேதிக்கென்று தனியாகப் பார்த்துத்தான் கணக்கைத் தொடங்கவேண்டும்.