காசு கட்டுறவர் நியூ ஜெர்சில, கதவு திறக்கிறவங்க ஸ்ரீரங்கத்துல

பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்க, இங்க தனியா இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஹோம் கேர் சர்வீஸ் ஆரம்பிக்கிறேன்னு ஒரு லிஸ்னர் எழுதியிருந்தாங்க. பேர் யோசிச்சாச்சு, லோகோ வந்தாச்சு, பிராண்டிங்ல அடுத்து என்னன்னு கேள்வி. நான் சாஃப்ட்வேர் ஆள்தான். ஆனா எங்க பாட்டிக்கு ரெண்டு வருஷம் வீட்டுல அட்டெண்டன்ட் இருந்தாங்க, காசு கட்டினது வெளிநாட்டுல இருக்கிற சித்தப்பா. அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

இந்த பிசினஸ்ல காசு கட்டுறவர் சேவையைப் பார்க்கவே மாட்டார். சேவையைப் பார்க்கிறவங்க காசு கட்ட மாட்டாங்க. ஒரே பிராண்ட் இந்த ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்குவோம். ஸ்ரீரங்கத்துல 76 வயசு அம்மா, தனியா இருக்காங்க. சுகர், பிபி ரெண்டுக்கும் மாத்திரை. பையன் நியூ ஜெர்சில. காலை 8 மணியிலேர்ந்து ராத்திரி 8 மணி வரைக்கும் ஒரு அட்டெண்டன்ட், பேர் செல்வின்னு வச்சுக்குவோம்.

பெரும்பாலும் விளம்பரம் பையனைப் பார்த்துதான் எழுதறாங்க. "உங்க அம்மா தனியா விழுந்துட்டா யார் பார்ப்பா?" பயமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து பணம் கட்ட வெச்சிரும். ஆனா அதே லிங்க்கை அவர் அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணுவார். இத்தனை வருஷம் தனியா குடும்பம் நடத்தினவங்க, தன்னை ஒரு நோயாளியா அதுல பார்ப்பாங்க. முதல் வாரமே "எனக்கு யாரும் வேண்டாம், அந்தப் பொண்ணை அனுப்பிடு"ன்னு போன் வரும். இந்தத் தொழில்ல வாடிக்கையாளர் போற முக்கியமான வழி இது. செல்வி வேலையில ஒரு குறையும் இருக்காது.

பேர்லயும் இதே சிக்கல்தான். "மகன் போல"ங்கிற மாதிரி பேர் வெச்சா பையனுக்கு உறுத்தும், அம்மாவுக்கு வலிக்கும். 2022-ல ரத்தன் டாடா ஆதரவோட மும்பையில வந்த 'குட்ஃபெல்லோஸ்' பேரைப் பாருங்க. அதுல முதுமையும் இல்ல, நோயும் இல்ல. "குட்ஃபெல்லோஸ்லேர்ந்து ஒரு பையன் வர்றான்"னு பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கூச்சமில்லாம சொல்லலாம். உங்க பேருக்கும் இதுதான் டெஸ்ட்: அந்த அம்மா அதை மாடிப்படியில நின்னு சத்தமா சொல்வாங்களா? சட்டப்படியும் இது நல்லது. 'திருச்சி எல்டர் கேர்' மாதிரி சேவையை அப்படியே விவரிக்கிற பேரை, 1999 டிரேட்மார்க்ஸ் சட்டத்தோட 9-வது பிரிவு காட்டி நிராகரிக்க வாய்ப்பு அதிகம். உடல்நலப் பராமரிப்பு 44-வது கிளாஸ்ல வரும். தனிநபரா ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய்.

இன்னொண்ணு, நிறைய பேர் யோசிக்காதது. முதுகுல 'முதியோர் பராமரிப்பு'ன்னு பெருசா அச்சடிச்ச டி-ஷர்ட், வாசல்ல அதே ஸ்டிக்கரோட ஸ்கூட்டர். இந்த வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்கன்னு தெரு முழுக்க நீங்களே அறிவிக்கிறீங்க. தெருவுல பிராண்ட் அமைதியா இருக்கட்டும். போட்டோ போட்ட அடையாள அட்டை கதவுகிட்ட காட்டினா போதும். அம்மா முகத்தை இன்ஸ்டாகிராம்ல போடணும்னா அம்மாகிட்டயே கேளுங்க. பையன் சரின்னு சொன்னது கணக்குல வராது.

இப்போ நியூ ஜெர்சி பக்கம் போவோம். பையன் கைக்கு உங்ககிட்டேர்ந்து தினமும் போறது ஒரே ஒரு பொருள்: சாயங்கால வாட்ஸ்அப் மெசேஜ். அவரைப் பொறுத்தவரை அதுதான் உங்க லோகோ. நம்ம ஊர் சாயங்காலம் 6:30 அங்க கோடையில காலை 9 மணி, குளிர்காலத்துல 8 மணி. ஆபீஸ் வேலை சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருவார். "6:30-க்கு அனுப்புவோம்"னு சொல்லாதீங்க. "7 மணிக்குள்ள"ன்னு சொல்லிட்டு 6:30-க்கு அனுப்புங்க. ஏன்னா சொன்ன நேரத்துக்கு மெசேஜ் வரலைன்னா, பத்தே நிமிஷத்துல அந்தப் பக்கம் மனசு எங்கெங்கயோ போயிரும்.

"அம்மா நல்லா இருக்காங்க, பிபி 120/80"னு தினமும் போனா என்ன ஆகும்? எங்க வேலையில எப்பவும் பச்சையாவே இருக்கிற டேஷ்போர்டை யாரும் பார்க்க மாட்டோம், அதே கதிதான். அதோட டிஜிட்டல் மெஷின்ல அளந்தா ஒரு நாள் 134/78 வரும், இன்னொரு நாள் 127/82 வரும். தினமும் 120/80-ன்னா யாரும் அளக்கலைன்னு அர்த்தம். உங்க மேனேஜர் வாரம் ஒரு தடவை இதைத்தான் தேடிப் பார்க்கணும்.

நல்ல மெசேஜ் இப்படி இருக்கும்: "பிபி காலையில 134/78. மாத்திரை ரெண்டு வேளையும் ஆச்சு. மதியம் ரசம் சாதம், பாதிதான் சாப்பிட்டாங்க. எதிர் வீட்டு மாமி வந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க. முட்டி வலின்னு மாடி ஏறல." இதுல பையன் ராத்திரி போன்ல பேச விஷயம் இருக்கு. "ஏம்மா, ரசம் நல்லா இல்லையா?"ன்னு கேட்பார். பாதி சாப்பாடுங்கிறது மூணு நாள் தொடர்ந்து வந்தா டாக்டரைப் பார்க்கணும்ங்கிறதும் அதுலயே தெரிஞ்சிரும். ஆனா இதெல்லாம் எழுதறாங்கன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி செல்வி படிச்சுக் காட்டட்டும். இல்லன்னா ஒரு நாள் பையன் வாயாலயே தெரிய வரும், அப்புறம் செல்வி உளவாளி.

அவசரம்னா மெசேஜ் கூடாது, போன்தான். முதல்ல இங்க 108, பிறகு டாக்டர், அதுக்கப்புறம் பையன். அங்க நடுராத்திரியா இருக்கலாம். அதனால முதல் வாக்கியம் "அம்மா என் பக்கத்துல இருக்காங்க, பேசறாங்க"ன்னு இருக்கணும், அது உண்மையா இருந்தா. "சார், ஒரு சின்ன விஷயம்..."னு இழுத்தா அந்த நாலு செகண்டை அவர் மறக்கவே மாட்டார்.

கடைசியா, ரொம்பக் கஷ்டமான இடம். நாலு மாசத்துல அம்மாவுக்கு உங்க கம்பெனி பேர் மறந்திருக்கும், செல்வி பேர்தான் தெரியும். அப்போ பையன் செல்விகிட்ட நேரடியா பேசுவார்: "கம்பெனிக்குத் தர்றதுல பாதியை உனக்கே கூடத் தர்றேன்." ஒப்பந்தத்துல தடை போடலாம், ஆனா வழக்குப் போட்டு ஒரு 76 வயசு அம்மா வீட்டு ஆளை யாரும் திருப்பிக் கொண்டுவரப் போறதில்ல.

செல்வியால தர முடியாத ஒண்ணை நீங்க தரணும். செல்விக்குக் காய்ச்சல், இல்ல ஊர்ல திருவிழா. அன்னைக்குக் காலை 8 மணிக்கு யாரு? வழக்கமா ஒரு புது முகம் வந்து "மாத்திரை எங்கம்மா?"ன்னு கேட்கும். அம்மா முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும், பல பேருக்கு அதுதான் பெரிய அலுப்பு. அதனால வீட்டுக்கு வீடு ஒரு நோட்டு வைங்க. மாத்திரை, டாக்டர் நம்பர் மட்டும் போதாது. டிகாக்ஷன் திக்கா வேணும், சர்க்கரை வேண்டாம். இடது காது மந்தம், வலது பக்கம் நின்னு பேசணும். பூஜை முடியற வரைக்கும் சமையலறைக்குள்ள போகக் கூடாது. மாற்று ஆளை முதல் மாசமே செல்வியோட ரெண்டு நாள் அனுப்பி அறிமுகப்படுத்துங்க. அந்த ரெண்டு நாள் சம்பளம் உங்க கைக்காசு. விளம்பர பட்ஜெட்லேர்ந்து எடுங்க.

மாற்று ஆள் வந்து கேட்காமலே திக்கா ஒரு காபி கொண்டுவந்து வலது பக்கம் நின்னாங்கன்னா, அன்னைக்கு ராத்திரி அம்மா போன்ல செல்வி பேரைச் சொல்ல மாட்டாங்க, உங்க கம்பெனி பேரைத்தான் சொல்லுவாங்க.

இந்தச் செலவையெல்லாம் சேர்த்து மாசத்துக்கு என்ன விலை வைக்கிறதுன்னு அடுத்த எபிசோட்ல கணக்குப் போடுவோம்.