இமையில் ஊதா, விரல் கணுவில் தடிப்பு: களிம்பு வாங்கும் முன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு முகத்தில் தடிப்பு வந்தால் "பஞ்சு அலர்ஜி" என்று முடித்துவிடுகிறார்கள். மில்லிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலும் வேலை பார்ப்பவர் என்றால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. மருந்துக்கடையில் ஸ்டீராய்டு களிம்பு ஒன்று கைக்கு வருகிறது. சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது என்று 2018-லேயே உத்தரவு வந்தாயிற்று, கேட்பார்தான் இல்லை.

ஆனால் எல்லாத் தடிப்பும் அலர்ஜி அல்ல. சிலருக்கு மேலிமை ஊதா நிறத்தில் வீங்கும். மாநிறத் தோலில் அது கருஞ்சாம்பலாகவும் தெரியலாம். விரல் கணுக்களின் மேல் செதிலோடு தடிப்புகள் எழும். இந்த இரண்டும் சேர்ந்தால் டெர்மடோமயோசைட்டிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தியே தோலையும் தசையையும் தாக்கும் நோய் இது. கரப்பான் பெரும்பாலும் விரலிடுக்கிலும் மடிப்பிலும் வரும். இதுவோ கணுவின் மேலேயே உட்காரும். அடுத்து தொடையும் தோளும் தளரும். தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது, பஸ் படி ஏற முடியாது, தலை வாரக் கை தூக்க முடியாது. "ரத்தம் இல்லை, சத்து ஊசி போடு" என்பார்கள். தசை சேதத்தால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருப்பதைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த வீடுகளும் உண்டு.

'தங்கல்' படத்தில் சிறுமியாக நடித்த சுஹானி பட்நாகர் 2024 பிப்ரவரி 16 அன்று டெல்லி எய்ம்ஸில் இந்த நோயால் இறந்தார். வயது 19. கை வீக்கத்தோடு பல மருத்துவர்களைப் பார்த்தும், நோய் இன்னதென்று தெரிந்தது இறப்பதற்குச் சில நாள் முன்புதான் என்றார்கள் பெற்றோர்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போங்கள். தோல் பிரிவில் தடிப்பை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். "எழுந்திருக்க முடியவில்லை" என்பதையும் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சி.பி.கே. ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன்பே அதை எடுப்பது நல்லது, மாத்திரை அந்த அளவைக் குறைத்துவிடும். சி.பி.கே. சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மில் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு விருதுநகர் கலெக்டர் அலுவலகம் போகலாம். படுக்கையில் விழுந்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள். விவரம் கேட்க 1800 425 3993.

சாப்பாடு புரையேறினாலோ, தண்ணீர் மூக்கு வழியே வந்தாலோ, வறட்டு இருமலோடு மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

தடிப்பு மறைந்தது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். நாற்பது தாண்டியவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பெரியவர்களில் சிலருக்கு இந்நோயின் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கும்; மார்பு, கருப்பை, சினைப்பை, நுரையீரல், வயிறு ஆகியவற்றுக்கான சோதனை எனக்கு எப்போது என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.