பத்துப் பொருளுக்கு இரண்டு பக்கமா?

ஒரு கடையின் இணையதளம் பொருள்களைப் பக்கத்துக்குப் பத்து வீதம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை பக்கம் வரும் என்று கணக்கிடும் பைத்தான் வரியை, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒருவர் மாற்றுகிறார். மேலே இருப்பது பழைய வரி, கீழே புதியது.

```
- return (total + size - 1) // size
+ return round(total / size + 0.5)
```

இந்த மாற்றத்தை ஒரு சாட்பாட்டிடம் கொடுத்துக் குறை இருக்கிறதா என்று கேட்டால், இப்படி நான்கு குறைகள் வரலாம். ஒன்று, வகுக்கும்போது பின்னம் உதிர்ந்துவிடும். இரண்டு, பொருளே இல்லாதபோதும் ஒரு பக்கம் என்று விடை வரும். மூன்று, `size` பூஜ்யமானால் நிரல் நின்றுவிடும். நான்கு, சரியாகப் பத்துப் பொருள் இருந்தால் இரண்டு பக்கம் என்று காட்டும். நான்கும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருக்கும். எழுத்தின் தோரணையை வைத்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதல் குறை தவறு. பைத்தான் 2-இல் முழு எண்களை வகுத்தால் பின்னம் உதிர்ந்தது உண்மை. பைத்தான் 3-இல் `/` குறி பின்னத்தோடுதான் விடை தரும். பழைய பதிப்பின் உண்மையை இன்றைய நிரலுக்குப் பொருத்திச் சொல்வது சாட்பாட்டுகளிடம் அடிக்கடி காணும் பிழை.

இரண்டாவதும் நான்காவதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பள்ளிக் கணக்கின்படி 0.5-ஐ முழுமைப்படுத்தினால் 1. அந்த நினைப்பில் படித்தால் இரண்டாவது குறை நியாயமாகவே தோன்றும். ஆனால் பைத்தான் 3, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். வாயால் வாதிடத் தேவையில்லை, தட்டிப் பார்த்தால் போதும்.

```
>>> round(0.5), round(1.5), round(2.5)
(0, 2, 2)
```

ஆக, பொருள் இல்லாதபோது பூஜ்யம் என்ற சரியான விடைதான் வருகிறது. இரண்டாவது குறை தவறு. பத்துப் பொருளுக்கோ 1.5 என்பது 2 ஆகிறது. நான்காவது குறை உண்மை. வாடிக்கையாளர் இரண்டாம் பக்கத்தைத் திறந்தால் அது காலியாக இருக்கும்.

இந்தப் பிழை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? பழைய வரியையும் புதிய வரியையும் `old`, `new` என்ற இரண்டு செயல்கூறுகளாக வைத்து ஒப்பிடலாம்.

```python
for t in range(101):
    if old(t, 10) != new(t, 10):
        print(t)
```

திரையில் 10, 30, 50, 70, 90 என்ற ஐந்து எண்கள் மட்டுமே வரும். 20-க்கும் 40-க்கும் விடை சரி. 25 பொருளை வைத்து ஒருவர் சோதித்திருந்தால் பிழை கண்ணில் பட்டே இருக்காது. மனிதக் கண் எளிதில் தவறவிடும் இதைச் சுட்டிக்காட்டியதற்காகவே சாட்பாட்டிடம் கேட்டது வீண்போகவில்லை என்பேன்.

மூன்றாவது குறை வேறு வகை. பூஜ்யத்தால் வகுத்தால் நிரல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய வரியும் அப்படித்தான் நின்றிருக்கும். `size` எங்கிருந்து வருகிறது என்பது இந்த இரண்டு வரிகளில் இல்லை. இந்தச் செயல்கூறை அழைக்கும் இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே 10 என்று நிலையாக எழுதியிருந்தால் கவலையில்லை. பயனர் அனுப்பும் எண்ணை அப்படியே எடுத்திருந்தால் அது தனியாகத் திருத்த வேண்டிய வேறொரு குறை.

எனவே சாட்பாட்டிடம் "பிழை உண்டா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதையாவது தேடிப் பிடித்துச் சொல்லும். எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை வரும், எது வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு குறைக்கும் எழுதச் சொல்லுங்கள். "உறுதியா?" என்று திருப்பிக் கேட்பதும் சோதனை ஆகாது, சரியாகச் சொன்னதற்குக்கூட மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கிவிடும்.

பொய்க் குறையும் மெய்க் குறையும் இப்படிக் கலந்து வருவது பெரிய திட்டங்களிலும் நடக்கிறது. கர்ல் என்ற மென்பொருளைப் பராமரிக்கும் சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதி அனுப்பப்பட்ட பொய்யான பாதுகாப்புப் புகார்கள் தம் குழுவின் நேரத்தைத் தின்பதாக 2025-இல் வெளிப்படையாகவே கண்டித்தார். அதே ஆண்டில், ஓர் ஆய்வாளர் இத்தகைய கருவிகளைக் கொண்டு கண்டெடுத்து அனுப்பிய பட்டியலிலிருந்து பல உண்மையான பிழைகளை ஸ்டென்பெர்க்கின் குழு திருத்தவும் செய்தது.

நம் இரண்டு வரிகளுக்குத் தீர்வு, பழைய வரியையே திரும்ப வைப்பது. கூடவே 0, 10, 11, 30 ஆகிய நான்கு எண்களையும் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.