கோச் சாருக்கு எழுத வேண்டிய பதில்

"பாப்பா ஒரு வாரமா கிரவுண்டுக்கு வரலையே, என்னாச்சு?"

பத்தாம் வகுப்புப் பிள்ளை விளையாட்டிலும் இருந்தால், திருப்புதல் தேர்வு நேரத்தில் கோச்சிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வரும். "எக்ஸாம் சார், முடிஞ்சதும் அனுப்புறோம்" என்று பல வீடுகளில் ஒரே வரியில் பதில் போய்விடுகிறது. அது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு கோச்சால் எதையும் திட்டமிட முடியாது.

400 மீட்டர் ஓடும் ஒரு மாணவியின் அம்மா எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"வணக்கம் சார். திருப்புதல் தேர்வு 10ஆம் தேதி முடிகிறது. 11ஆம் தேதி காலையிலிருந்து வந்துவிடுவாள். அதுவரை செவ்வாய், சனி மாலையில் மட்டும் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் அரை மணி நேரம் ஓடுகிறாள். அதில் என்ன செய்யலாம் என்று நீங்கள் சொன்னால் அதையே செய்வாள். இரவு படிப்பதால் தூக்கம் குறைவு. பொதுத்தேர்வு அட்டவணையையும் அனுப்பியிருக்கிறேன். நடுவில் எந்த நாளில் வரலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்."

முடியும் தேதி தெரிந்தால்தான் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதா, ரிலேயில் வேறு ஆளைப் பழக்குவதா என்று கோச் முடிவெடுக்க முடியும். அந்த அரை மணி நேர ஓட்டமும் முக்கியமான தகவல். பயிற்சியை அடியோடு விட்டால் இரண்டு வாரத்திலேயே தம் குறையத் தொடங்கிவிடும். தசை வலு அதைவிடச் சற்று அதிக நாள் தாங்கும். பயிற்சி நேரத்தைக் குறைத்தாலும், ஓடும் கொஞ்ச நேரத்தில் வேகத்தைக் குறைக்காமல் இருந்தால் இழப்பு பெருமளவு தடுக்கப்படும். அதனால் கோச் மெதுவோட்டத்தைக் குறைத்துவிட்டு, நன்றாக வார்ம்-அப் செய்தபின் நாலைந்து வேக ஓட்டங்களைச் சொல்லித் தருவார்.

தூக்கத்தைப் பற்றிய வரியைப் பலர் எழுதுவதில்லை. தேர்வு முடிந்த மறுநாளே, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளை முழு வேகத்தில் ஓடும். களைத்த உடம்பில் பயிற்சியைத் திடீரென்று கூட்டினால் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொள்ளலாம். ஓடும்போது சுருக்கென்று வலித்து, பிறகு காலை நீட்டவே சிரமப்பட்டால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்தவேண்டும். பிள்ளை எந்த நிலையில் திரும்பி வருகிறாள் என்று முன்பே தெரிந்தால், முதல் வாரம் வழக்கமான பயிற்சியில் பாதியைக் கொடுத்து, பிறகு மெல்லக் கூட்டுவார் கோச்.

இந்தப் பதிலை அவர் கேட்கும்வரை வைத்திருக்க வேண்டியதில்லை. தேர்வு அட்டவணை கைக்கு வந்த அன்றே, பெற்றோரே அனுப்பிவிடுவது நல்லது. பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால், திட்டு விழுமோ என்ற பயத்தில் அது பாதியைத்தான் சொல்லும்.